நகச்சொத்தை: பூச்சா, மாத்திரையா, விட்டுவிடலாமா? மாதக் கணக்கில் ஓர் ஒப்பீடு

"மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டு முடிச்சிட்டேன் சார். நகம் அப்படியேதான் இருக்கு. வேற ஏதாவது பூச்சு இருந்தா குடுங்க."

என் மருந்துக் கடைக்கு வந்தவர் இப்படிச் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் காட்டினார். வலது கால் பெருவிரல் நகம் மஞ்சளாக, தடித்து, நுனியில் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. நான் நுனியைப் பார்க்கவில்லை. நகம் தோலுக்குள்ளிருந்து வெளியே வருகிற அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே சுமார் நாலு மில்லிமீட்டர் அகலத்தில் புது நகம் இளஞ்சிவப்பாக, வழவழப்பாக வந்திருந்தது. மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. அவர்தான் தவறான முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நகச்சொத்தைக்கு என்ன வாங்குவது என்று கேட்பவர்களில் பாதிப் பேருடைய குழப்பம் இதுதான். மாத்திரை 12 வாரம் என்றால் 12 வாரத்தில் நகம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். மருந்தின் காலம் வேறு, நகத்தின் காலம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் பூச்சு, மாத்திரை, நகத்தை எடுப்பது, லேசர், அப்படியே விடுவது ஆகியவற்றை நியாயமாக ஒப்பிட முடியும். இங்கே நான் பேசுவது பெரியவர்களின் கால் பெருவிரல் நகத்தைப் பற்றி. அதிகம் வருவதும் அதிகம் இழுத்தடிப்பதும் அதுதான்.

## முதலில் அளவுகோல்கள்

எந்த வழியாக இருந்தாலும் நான் நாலு கேள்விகளை வைத்துத்தான் பார்ப்பேன். நகத்தைக் கெடுத்தது உண்மையில் பூஞ்சைதானா? நகத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? அந்த மருந்தை உங்கள் கல்லீரல், இதயம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் ஏற்குமா? கடைசியாக, எத்தனை மாதம் விடாமல் செய்ய உங்களால் முடியும்?

### பூஞ்சைதானா?

மஞ்சளாகி உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வந்தவை. மீதியில் சோரியாசிஸ் உண்டு, இறுக்கமான ஷூ வருடக்கணக்கில் இடித்த தழும்பு உண்டு, வயதானதால் தடித்த நகமும் உண்டு. பூஞ்சை இல்லாத நகத்துக்கு மூன்று மாதம் பூஞ்சை மாத்திரை சாப்பிட்டால், பக்கவிளைவு மட்டும்தான் மிச்சம்.

கண்ணால் பார்த்தே சில குறிப்புகள் கிடைக்கும். பூஞ்சை பெரும்பாலும் ஒரு காலில் அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் இருக்கும். விரலிடுக்கில் சேற்றுப்புண்ணோ, உள்ளங்காலில் மாவு பூசினாற்போல் செதிலோ கூடவே இருக்கும். சோரியாசிஸ் என்றால் கைவிரல் நகங்களில் தையல் விரற்பூண் போலக் குட்டிக்குட்டிக் குழிகள் தெரியும், முழங்கையிலும் தலையிலும் செதில் இருக்கும். இரண்டு பெருவிரலும் ஒரே மாதிரி தடித்து, விரலிடுக்கு சுத்தமாக இருந்தால் ஷூவின் மீது சந்தேகப்படலாம். நகத்துக்கடியில் கருப்பாக ஒரு கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ, கருமை பக்கத்துத் தோலுக்குப் பரவினாலோ அது பூஞ்சை விவகாரமே அல்ல. அன்றே தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

உறுதிப்படுத்த லேப் பரிசோதனை இருக்கிறது. நகத்தூளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது ஒன்று. அதற்கு அதிக நேரமோ செலவோ ஆகாது. எந்தப் பூஞ்சை என்று சொல்ல வளர்ப்புப் பரிசோதனை வேண்டும். அதற்கு நாலு வாரம்வரை ஆகலாம், அதிலும் பூஞ்சை இருந்தும் "இல்லை" என்று வருவது சகஜம். வெட்டிய நகத்துண்டைச் சாயமேற்றிப் பார்க்கும் பி.ஏ.எஸ். பரிசோதனை இதைவிட நம்பகமானது, ஆனால் பூஞ்சையின் பெயரைச் சொல்லாது.

இங்கே பலரும் கோட்டைவிடுகிற இடம், மாதிரி எடுக்கும் இடம். நுனியில் உதிரும் பொடியில் பெரும்பாலும் செத்த பூஞ்சைதான் இருக்கும். நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கிற எல்லைக்குப் பக்கத்தில், நகத்துக்கடியில் இருக்கும் மாவைச் சுரண்டி எடுக்க வேண்டும். பூஞ்சைக் களிம்போ பூச்சோ ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லி, சில வாரம் நிறுத்திவிட்டு மாதிரி கொடுப்பதுதான் முறை. இல்லையென்றால் பொய்யாக "பூஞ்சை இல்லை" என்று வரும்.

### எவ்வளவு தூரம்?

கால் பெருவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கைவிரல் நகம் அதைப்போல இரண்டு மடங்கு, சுமார் மூன்று மில்லிமீட்டர். எந்த மருந்தாலும் கெட்டுப்போன நகத்தைத் திரும்ப நல்லதாக்க முடியாது. மருந்தின் வேலை புதிதாக வருகிற நகத்தில் பூஞ்சை ஏறாமல் காப்பது மட்டுமே. பழைய நகம் வளர்ந்து நுனிக்கு வந்து நகவெட்டியில் வெட்டுப்பட்டுத்தான் போக வேண்டும். அதனால்தான் முழு பெருவிரல் நகம் மாற 12 முதல் 18 மாதம் என்றும், கைவிரலுக்கு ஆறு மாதம் என்றும் சொல்கிறார்கள். வயதானவர்களுக்கும், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும், தடித்துப்போன நகத்துக்கும் இது இன்னும் மெதுவாகும்.

ஆகவே ஒரு ஸ்கேலை எடுங்கள். நல்ல நகம் முடிந்து கெட்ட நகம் தொடங்கும் எல்லையிலிருந்து நுனிவரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, அதை 1.2 ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் உங்கள் தோராயமான மாதக் கணக்கு. எந்த மருந்துக் கம்பெனி விளம்பரமும் இந்தக் கணக்கைக் குறைக்க முடியாது.

மருந்து எளிதில் கேட்காத நகங்களும் உண்டு. பாதிக்கு மேல் கெட்டது, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடித்தது, பக்கவாட்டு ஓரம் முழுவதும் ஏறியது, அடிவேர்வரை போனது எல்லாம் அந்தப் பட்டியல். நகத்தின் நடுவே நுனியிலிருந்து அடிவரை ஈட்டி மாதிரி ஒரு மஞ்சள் கோடு ஓடினால், அது பூஞ்சை கெட்டியாகத் திரண்டு கூடு கட்டியிருப்பது. அதற்குள் மாத்திரையும் சரியாக நுழையாது, பூச்சும் நுழையாது. அந்தக் கோட்டை இழைத்தோ வெட்டியோ எடுக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் தோல்வியில் முடிய வாய்ப்பு அதிகம்.

## வழி 1: அப்படியே விட்டுவிடுவது

இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் இது ஒரு நேர்மையான வழி. வலி இல்லை, சர்க்கரை இல்லை, ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது, ஒரு நகத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் என்றால் மருந்தே வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். 78 வயதுப் பாட்டி எட்டு வகை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றால் ஒன்பதாவதைச் சேர்ப்பதைவிட, நகத்தை மெலிதாக இழைத்து ஒட்ட வெட்டிவிடுவதே நல்லது.

இதற்கும் மறைமுகச் செலவு உண்டு. அது தானாகச் சரியாகாது. மெதுவாகப் பக்கத்து நகத்துக்கும், விரலிடுக்குத் தோலுக்கும், ஒரே குளியலறையைப் பயன்படுத்தும் வீட்டாருக்கும் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டோ எடுத்து எல்லை நகர்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தடித்த நகம் ஷூவுக்குள் அழுத்தி, கீழே புண்ணாகிக்கொண்டிருப்பது தெரியாது. விரலிடுக்கு வெடிப்பு வழியாகப் பாக்டீரியா ஏறிக் கால் வீங்குவதும் இப்படித்தான் தொடங்கும். இவர்கள் வீட்டில் பிளேடை வைத்து நகத்தைச் செதுக்கவே கூடாது.

## வழி 2: பூச்சு மருந்து

இங்கே கிடைப்பதில் முக்கியமானவை இரண்டு. அமோரோல்ஃபின் 5 சதவீதம், வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை. சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதம், தினமும். படர்தாமரைக்குப் போடும் சாதாரணக் களிம்பு நகத்துக்குள் போகாது. அந்த டியூபை நகத்தின்மேல் தேய்ப்பது சுவரில் தேய்ப்பது மாதிரிதான்.

பூச்சின் பெரிய பலம், அது ரத்தத்தில் கலப்பது மிகவும் சொற்பம். கல்லீரல் பயம் இல்லை, மற்ற மாத்திரைகளோடு சண்டை இல்லை. பலவீனம், கெட்டியான நகத்தைத் துளைத்துப் போக வேண்டும் என்பது. சைக்ளோபிராக்ஸை 48 வாரம் தினமும் போட்ட அமெரிக்க ஆய்வுகள் இரண்டில், நகம் முழுக்கச் சுத்தமாகி, பூஞ்சையும் போனவர்கள் 5.5 சதவீதமும் 8.5 சதவீதமும்தான். மருந்தில்லாத வெறும் பூச்சில் அது 0.9 சதவீதமும் பூஜ்ஜியமும். வேலை செய்கிறது, ஆனால் இவ்வளவுதான். எஃபினகோனசோல் என்ற சொட்டு மருந்துக்கு இதே அளவுகோலில் 15.2 சதவீதமும் 17.8 சதவீதமும் வந்தது.

இந்த எண்களைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், சரியான நகத்தைத் தேர்ந்தெடுங்கள். நுனியில் மட்டும், பாதிக்கும் குறைவாக, மெலிதாக, அடிவேர் தொடாமல் இருக்கும் நகத்தில் பூச்சுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. நகத்தின் மேற்பரப்பில் மட்டும் வெள்ளைத் திட்டாக உதிரும் வகைக்கும் இது போதும். அந்தத் திட்டைச் சுரண்டிவிட்டுப் பூசினால் மருந்து நேராகப் போய்ச் சேரும்.

பூச்சின் மறைமுகச் செலவு பணத்தைவிட நேரம். அமோரோல்ஃபின் என்றால் ஒவ்வொரு முறையும் கெட்ட நகத்தை அரத்தால் இழைக்க வேண்டும், ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும், பழைய பூச்சை எடுக்க வேண்டும், புதிதாகப் பூசிச் சில நிமிடம் காயவிட வேண்டும். அந்த அரத்தை நல்ல நகத்தில் தொடக்கூடாது. தொட்டால் நோயை நாமே கொண்டுபோய் ஒட்டுகிறோம். இதைக் கைவிரலுக்கு ஆறு மாதம், கால்விரலுக்கு 9 முதல் 12 மாதம் செய்ய வேண்டும். பாட்டில் சின்னது. மூன்று நகம் என்றால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும், வருடத்தில் எத்தனை பாட்டில் என்று கூட்டிப் பார்த்தால் மாத்திரைச் செலவை எட்டிவிடுவது அபூர்வமில்லை. பாதிப் பேர் நாலாவது மாதம் இழைப்பதை விட்டுவிடுவார்கள், ஐந்தாவது மாதம் பூசுவதை விட்டுவிடுவார்கள். அலமாரியில் காய்ந்த பாட்டில் இல்லாத வீடு குறைவு.

## வழி 3: மாத்திரை

நகத்துக்கான பூஞ்சை மாத்திரை என்றால் டெர்பினஃபின், அல்லது இட்ராகோனசோல். இரண்டுமே மருத்துவர் சீட்டில் வாங்க வேண்டியவை. கடைக்காரனாகச் சொல்கிறேன், இதை என்னிடம் கேட்டு வாங்காதீர்கள்.

டெர்பினஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று, கால்விரலுக்கு 12 வாரம், கைவிரலுக்கு 6 வாரம். 12 வாரத்துக்கு 84 மாத்திரை. இட்ராகோனசோலைப் பலர் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் தருவார்கள்: 200 மில்லிகிராம் காலையிலும் மாலையிலும் ஏழு நாள், பிறகு மூன்று வாரம் இடைவெளி, இப்படி மூன்று சுற்று. 100 மில்லிகிராம் கேப்சூல் என்றால் அதுவும் சரியாக 84 வருகிறது. ஆகவே விலையை ஒப்பிடுவது சுலபம். இரண்டு ஸ்டிரிப்பின் விலையையும் பார்த்து 84 ஆல் பெருக்கினால் போதும்.

12 வாரத்தோடு ஏன் நிறுத்துகிறார்கள்? மருந்து நகத்துக்குள் போய்ப் படிந்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் நகத்தில் தங்கிப் பூஞ்சையைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. நிறுத்திய பிறகுதான் உங்கள் கண்ணுக்குப் பலன் தெரியத் தொடங்கும்.

எது சிறந்தது? 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு ஒன்று இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டது. 72 வாரத்தின் முடிவில், 12 வாரம் தினமும் டெர்பினஃபின் எடுத்தவர்களில் சுமார் 76 சதவீதம் பேருக்குப் பூஞ்சை போயிருந்தது. மூன்று சுற்று இட்ராகோனசோலில் அது 38 சதவீதம். அவர்களில் ஐஸ்லாந்துக்காரர்களை ஐந்து வருடம்வரை தொடர்ந்து பார்த்ததில், வேறு சிகிச்சை இல்லாமலே பூஞ்சையின்றி இருந்தவர்கள் டெர்பினஃபின் பக்கம் 46 சதவீதம், இட்ராகோனசோல் பக்கம் 13 சதவீதம். டெர்பினஃபின்தான் முதல் தேர்வு என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இது. ஐந்து வருடக் கணக்கில் அதுவே பாதியைத் தாண்டவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அமெரிக்க மருந்துக் குறிப்பில் டெர்பினஃபினுக்கு "முழு குணம்" 38 சதவீதம் என்று இருக்கும். ஒரு இடத்தில் 76, இன்னொரு இடத்தில் 38 என்றால் யாரை நம்புவது? முதலாவது, லேப்பில் பூஞ்சை இல்லை என்ற கணக்கு. இரண்டாவது, பூஞ்சையும் இல்லை, நகத்தில் ஒரு துளி கறையும் இல்லை என்ற கணக்கு, அதுவும் 48ஆவது வாரத்தில் எடுத்தது. பெருவிரல் நகம் முழுதாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும் என்றால், 11ஆவது மாதத்தில் பலருக்கு நகம் இன்னும் வளர்ந்தே முடிந்திருக்காது. தவிர, வருடக்கணக்கில் கெட்டுக்கிடந்த நகம் பூஞ்சை போனபிறகும் கொஞ்சம் தடிப்பாகவே நின்றுவிடலாம்.

மாத்திரையின் மறைமுகச் செலவுகள் இவை. டெர்பினஃபினுக்கு முன் கல்லீரல் ரத்தப் பரிசோதனை தேவை. நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அது கூடாது. அரிதாகத்தான் என்றாலும் கல்லீரலைத் தாக்கும். குமட்டல், பசியின்மை, அடர்ந்த நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சளாவது என்று எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிலருக்கு நாக்கில் ருசியே போய்விடும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று வருவார்கள். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும், மிக அரிதாக நீடிக்கும். மெட்டோப்ரோலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரை, சில மன அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றின் அளவு ரத்தத்தில் கூடலாம்.

இட்ராகோனசோலின் பட்டியல் இன்னும் நீளம். இதயம் பலவீனமானவர்களுக்கு நகத்துக்காக இதைக் கொடுக்கவே கூடாது. சிம்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரையோடு சேர்ந்தால் தசையைச் சிதைக்கலாம். இன்னொன்று, நம் ஊரில் அதிகம் நடப்பது: கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் கேஸ் மாத்திரை என்று பான்டோப்ரசோலைப் போட்டுவிட்டு, வெறும் வயிற்றில் இதை எடுத்தால் பாதி மருந்து உடம்பில் சேராது. மருந்து கேட்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இட்ராகோனசோல் வெல்கிற இடமும் உண்டு. கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு டெர்பினஃபின் அவ்வளவாகக் கேட்காது, இட்ராகோனசோல் கேட்கும். இது அதிகமும் கைவிரல் நகத்தில், நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைக்கிறவர்களுக்கு வரும். ஆனால் நகத்தைச் சுற்றித் தோல் வீங்கிச் சிவந்திருந்தால் அது நகச்சுற்று. அதற்கு ஈரத்தைக் குறைப்பதுதான் முதல் மருந்து. வளர்ப்புப் பரிசோதனை எந்தப் பூஞ்சை என்று சொல்வது இங்கே காசுக்குத் தகும்.

கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுகிறவர்களும் இரண்டையும் தள்ளிப்போட வேண்டும். நகச்சொத்தை காத்திருக்கும்.

## வழி 4: நகத்தை மெலிதாக்குவது, எடுப்பது, லேசர்

நகத்தை ஊசி போட்டுப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிடுங்குவது மட்டும் செய்தால், புதிதாக வருகிற நகத்திலும் பூஞ்சை ஏறிக்கொள்ளும், ஏனென்றால் அது நகத்துக்கடித் தோலிலும் இருக்கிறது. வலியும் அதிகம். நான் இதைத் தனி வழியாகவே எண்ணவில்லை, மற்ற வழிகளுக்கு உதவியாளாகத்தான் பார்க்கிறேன். 40 சதவீத யூரியா களிம்பை நகத்தின்மேல் கட்டுப்போட்டு மூடி, சில நாள் ஊறவிட்டால் கெட்ட நகம் மட்டும் மெழுகு போல மென்மையாகும். அதை வலியில்லாமல் சுரண்டி எடுக்கலாம். முன்னே சொன்ன ஈட்டிக் கோட்டுக்கும், மிகத் தடித்த நகத்துக்கும் இதைச் செய்துவிட்டு மாத்திரையோ பூச்சோ தொடங்கினால் மருந்து உள்ளே போகும்.

லேசரில் நடப்பது வேறு. அமெரிக்காவில் நகத்துக்கான லேசர் கருவிகளுக்குக் கிடைத்திருக்கும் அனுமதி "தெளிவான நகம் தற்காலிகமாகக் கூடுவதற்கு" என்பதற்கு மட்டுமே. பூஞ்சையைக் குணமாக்கும் என்பதற்கு அல்ல. பல அமர்வு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். மாத்திரை சாப்பிடவே முடியாதவர், பணம் பிரச்சினையில்லாதவர், குறைந்த எதிர்பார்ப்போடு முயலலாம். மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

மஞ்சள், வினிகர், தேயிலைமர எண்ணெய் பற்றியும் கேட்பீர்கள். கண்ணாடித் தட்டில் பூஞ்சையைத் தடுப்பது வேறு, நகத்தைத் துளைத்து உள்ளே போவது வேறு. மருதாணியில் மறைத்துவிட்டால் எல்லை நகர்கிறதா என்று நமக்கே தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

## ஒரே பார்வையில்

| | விட்டுவிடுவது | பூச்சு | டெர்பினஃபின் | இட்ராகோனசோல் |
|---|---|---|---|---|
| மருந்துக் காலம் (கால்விரல்) | இல்லை | 9–12 மாதம் | 12 வாரம் | 3 சுற்று, மாதம் ஒரு வாரம் |
| நகம் மாறும் காலம் | மாறாது | 12–18 மாதம் | 12–18 மாதம் | 12–18 மாதம் |
| எந்த நகத்துக்கு | வலியில்லாத ஒற்றை நகம் | நுனி மட்டும், மெலிது | பாதிக்கு மேல், பல நகம் | ஈஸ்ட் வகை |
| மறைமுகச் செலவு | பரவும் வாய்ப்பு | வாராவாரம் இழைப்பது, பல பாட்டில் | கல்லீரல் பரிசோதனை, ருசி போவது | மற்ற மாத்திரைகளோடு மோதல் |
| யாருக்கு வேண்டாம் | சர்க்கரை, ரத்த ஓட்டக் குறைவு | தடித்த, வேர்வரை கெட்ட நகம் | கல்லீரல் நோய் | இதயப் பலவீனம் |

இரண்டாவது வரிசையைப் பாருங்கள். மருந்து எதுவானாலும் அந்த 12–18 மாறவில்லை. மாறுவது, கடைசியில் நல்ல நகம் கிடைக்கும் வாய்ப்பு மட்டுமே. மேலே உள்ள மாதக்கணக்கு முழு நகமும் கெட்டவருக்கு. கொஞ்சமாகக் கெட்டவருக்குக் குறையும்.

## ஒரு காலை வைத்துக் கணக்குப் போட்டால்

52 வயது வேன் ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாள் முழுக்க ஷூ. அட்டோர்வாஸ்டாட்டினும் பான்டோப்ரசோலும் தினமும் சாப்பிடுகிறார். பெருவிரல் நகம் 16 மில்லிமீட்டர் நீளம். நுனியிலிருந்து 10 மில்லிமீட்டர் கெட்டிருக்கிறது, அடியில் 6 மில்லிமீட்டர் நல்ல நகம். விரலிடுக்கில் சேற்றுப்புண். மாதிரியில் பூஞ்சை உறுதியாகிவிட்டது.

பூச்சு மட்டும் போதுமா? பாதிக்கு மேல் கெட்டுவிட்டது, போதாது. இட்ராகோனசோல்? கொழுப்பு மாத்திரையும் கேஸ் மாத்திரையும் குறுக்கே நிற்கின்றன. விடலாமா? சேற்றுப்புண்ணோடு சேர்ந்து பரவிக்கொண்டிருக்கிறது, அவருக்கு நடக்கும்போது வலியும் இருக்கிறது. கல்லீரல் பரிசோதனை சரியாக இருந்தால் டெர்பினஃபின்தான் பொருந்துகிறது. கூடவே நகத்தை இழைத்து மெலிதாக்கிக்கொள்ள வேண்டும், சேற்றுப்புண்ணுக்குக் களிம்பும் வேண்டும்.

எல்லை 10 மில்லிமீட்டர் நகர வேண்டும். மாதத்துக்கு 1.2 என்றால் எட்டு மாதத்துக்கு மேல். மாத்திரை முடியும் மூன்றாவது மாதம் எல்லை மூன்றரை மில்லிமீட்டர் சொச்சம் நகர்ந்திருக்கும். கெட்ட பகுதி இன்னும் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம், பார்க்க அசிங்கமாகவே இருக்கும். இங்கேதான் ஜனங்கள் சோர்ந்துபோகிறார்கள். ஆறாவது மாதம் மூன்று மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். எட்டு, ஒன்பதாவது மாதம் கடைசிக் கெட்ட துண்டு நகவெட்டிக்குப் போகும். அவர் நகம் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளருகிறது என்றால் பத்து மாதம். இதே மனிதருக்கு நகம் முழுவதும், தோலுக்கடியில் மறைந்திருக்கும் வேர்வரை கெட்டிருந்தால், கணக்கு ஒன்றரை வருடத்துக்குப் போய்விடும்.

## கேட்கிறதா, கேட்கவில்லையா என்று தெரிந்துகொள்ள

சிகிச்சை தொடங்கும் நாளில், நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கிற எல்லைக்கு நேராக நல்ல நகத்தின்மேல் அரத்தின் முனையால் மெலிதாக ஒரு கீறல் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ. கீறல் நகத்தோடு சேர்ந்து முன்னே நகரும். பூஞ்சை கீறலைத் தாண்டிப் பின்னால் வராவிட்டால் மருந்து கேட்கிறது. கீறல் நகர்ந்தும் மஞ்சள் அதைத் தாண்டி வேர்ப்பக்கம் வந்தால் கேட்கவில்லை. சாதாரண வேலைதான், ஆனால் ஆறு மாதம் கழித்து "ஏதாவது மாறியிருக்கா?" என்று வீட்டில் விவாதம் நடத்த வேண்டியிருக்காது.

நாலு, ஐந்து மாதத்துக்குப் பிறகும் அடியில் சுத்தமான பட்டை வரவில்லை என்றால் அதே மாத்திரையை நீங்களாக நீட்டிக்க வேண்டாம். பூஞ்சை இல்லாத நகமாக இருக்கலாம், டெர்பினஃபின் கேட்காத வகையாக இருக்கலாம், கூடு கட்டிய கோட்டை யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம், மாத்திரை விட்டுவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். இந்தியாவில் படர்தாமரைப் பூஞ்சை பல இடங்களில் டெர்பினஃபினுக்குப் பழகிப்போயிருக்கிறது, அதனால் இடுப்பிலோ தொடையிலோ அடங்காத படர்தாமரையும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு கலந்த கலவைக் களிம்பை அதன்மேல் போட்டுக்கொண்டு நகத்துக்கு மாத்திரை சாப்பிடுவது, ஒரு பக்கம் தண்ணீர் இறைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் ஓட்டையைப் பெரிதாக்குவது போலத்தான்.

குணமானவர்களில் ஒரு கணிசமான பகுதிக்குத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் அதே ஷூ, அதே சேற்றுப்புண் வழியாக. விரலிடுக்கு அரிக்கத் தொடங்கியதும் நகத்துக்கு ஏறும் முன்பே களிம்பு போட்டு முடித்துவிட வேண்டும், ஷூவை இரண்டு ஜோடியாக மாற்றிப் போட்டு ஒரு நாள் காயவிட வேண்டும், நகவெட்டியை வீட்டில் தனியாக வைக்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்னவருக்கு நான் எதையும் விற்கவில்லை. நகத்தை அளந்து, தேதியோடு ஒரு துண்டுச் சீட்டில் "நாலு மி.மீ." என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்து அளக்கச் சொல்லியிருக்கிறேன்.